குரூப் மெடிக்கல் பாலிசி வேறு நிறுவனத்துக்கு மாறும்போது ஊழியர்களுக்கு எப்படி அறிவிப்பது: குடும்பத்தார், நடப்பு சிகிச்சைகள் பற்றிய முழு வழிகாட்டி

"வரும் ஏப்ரல் 1 முதல் நம் குரூப் மெடிக்கல் பாலிசி புதிய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாறுகிறது. பலன்களில் பெரிய மாற்றம் இல்லை. புதிய இ-கார்டு விரைவில் வரும்." பல கம்பெனிகளில் ஊழியர்களுக்குப் போகும் அறிவிப்பு இவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பவருக்கு இது போதும். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிற வீட்டிலும், மனைவிக்கு ஏப்ரல் முதல் வாரம் பிரசவ தேதி குறித்திருக்கிற வீட்டிலும் இந்த மூன்று வரிகள் பயத்தைத்தான் கொடுக்கும். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்தத் தேதியில் அட்மிட் ஆனால் யார் பணம் கட்டுவார்கள்?"

அந்தக் கேள்விக்கான பதிலைச் சுற்றித்தான் அறிவிப்பை எழுத வேண்டும். எச்.ஆர். துறையில் இருப்பவர்களுக்காக, ஒரு உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். கோயம்புத்தூரில் 240 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தயாரிப்பு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பழைய பாலிசி மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது. புதியது ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. ஊழியர், துணைவர், இரண்டு பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்.

எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் புதிய நிறுவனம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும். புரோக்கர் போனில் "எல்லாம் அப்படியே கன்டின்யூ ஆகும் சார்" என்று சொன்னது கணக்கில் வராது. குறிப்பாக மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா? 30 நாள் காத்திருப்பும், கேட்டராக்ட், ஹெர்னியா போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பும் நீக்கப்பட்டிருக்கிறதா? பிரசவத்துக்கான ஒன்பது மாதக் காத்திருப்பு நீக்கப்பட்டிருக்கிறதா? குரூப் பாலிசிகளில் இவற்றை வழக்கமாக நீக்கித்தான் தருவார்கள். ஆனால் அது பேரம் பேசி வாங்கும் சலுகை. கொட்டேஷனில் இருந்த வரி பாலிசி பத்திரத்தில் விடுபட்டுப் போவதும் உண்டு. பத்திரம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பாருங்கள்.

அடுத்தது பணம். இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 64விபி பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வராமல் எந்த நிறுவனமும் ரிஸ்க்கை ஏற்க முடியாது. மார்ச் 31-க்குள் பணம் போய்ச் சேராவிட்டால் ஏப்ரல் 1 அன்று உங்கள் ஊழியருக்கு பாலிசியே இல்லை. நிதியாண்டுக் கடைசியில் அக்கவுன்ட்ஸ் துறைக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதனால் பிரீமியம் கட்டும் தேதியை மார்ச் 25-க்கு முன்பே வைத்துவிடுங்கள். ரசீது வந்த பிறகே "உறுதியாகிவிட்டது" என்ற வார்த்தை உங்கள் அறிவிப்பில் வரலாம்.

மூன்றாவதாக, சிகிச்சை நடுவில் இருப்பவர்கள் யார் என்ற பட்டியல். இதைத்தான் பலர் செய்வதில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக கிளெய்ம்களைக் கையாளும் பழைய டிபிஏ-விடமிருந்து நிலுவையில் உள்ள கிளெய்ம்களின் பட்டியலை வாங்குங்கள். அதில் டயாலிசிஸ், கீமோ, முன் அனுமதி வாங்கிய ஆபரேஷன் எல்லாம் தெரியும். இனி வரப்போகும் பிரசவமும், டாக்டர் நாள் குறித்துக் கொடுத்த ஆபரேஷனும் அதில் இருக்காது. அவற்றை ஊழியர்களே சொன்னால்தான் தெரியும். சொல்வதற்கு ஒரே ஒரு ஆளின் மெயிலையும் நம்பரையும் கொடுங்கள். மேனேஜர் வழியாகவோ வாட்ஸாப் குரூப்பிலோ கேட்காதீர்கள். தான் கர்ப்பமாக இருப்பதை டீம் லீடரிடம் இன்னும் சொல்லாத பெண் அந்தக் குரூப்பில் இருப்பார்.

எப்போது அறிவிப்பது

பெற்றோர் கவர் நீக்கப்படுகிறது என்றாலோ, அதற்கான பிரீமியம் இனி சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றாலோ, இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். காரணம் இருக்கிறது. குரூப் பாலிசியிலிருந்து வெளியேறும் உறுப்பினர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க, இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ-யின் விதிகள் இடம் கொடுக்கின்றன. இதுவரை கவரில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். 68 வயது சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய விஷயம். ஏனென்றால் புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை பழைய பாலிசி முடிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். அவருடைய உடல்நிலையை நிறுவனம் பரிசீலித்துத்தான் முடிவு சொல்லும். மார்ச் 29 அன்று மெயில் அனுப்பினால் அந்த வாய்ப்பை நீங்களே பறித்துக்கொண்டதாக ஆகிவிடும்.

பெற்றோர் கவர் அப்படியே தொடர்கிறது என்றால் மூன்று வாரம் போதும். முதல் அறிவிப்பு மார்ச் 8 வாக்கில். விவரம் சரிபார்க்க மார்ச் 20 வரை நேரம். மார்ச் 30 அன்று ஒரே பக்கத்தில் ஒரு நினைவூட்டல்.

நம் உதாரணக் கம்பெனியில் இன்னொன்றும் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இஎஸ்ஐ-யில் இருப்பார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அறிவிப்பில் "இது குரூப் மெடிக்கல் பாலிசியில் உள்ளவர்களுக்கு மட்டும், இஎஸ்ஐ-யில் எந்த மாற்றமும் இல்லை" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேர் தங்கள் இஎஸ்ஐ கார்டு போய்விட்டது என்றே நினைப்பார்கள்.

அட்மிஷன் தேதிதான் எல்லை

நடைமுறையில் பொதுவாக ஒரே விதிதான். மருத்துவமனையில் சேர்ந்த அன்று எந்த பாலிசி நடப்பில் இருந்ததோ, அதுவே அந்த அட்மிஷனுக்குப் பொறுப்பு. மார்ச் 30 அன்று சேர்ந்து ஏப்ரல் 4 அன்று டிஸ்சார்ஜ் ஆனால், முழு பில்லும் பழைய நிறுவனத்துக்குத்தான் போகும். டிஸ்சார்ஜுக்குப் பிறகான மருந்து, ரிவ்யூ, ஸ்கேன் செலவுகளும் அப்படியே. வழக்கமாக இது 60 நாள் வரை இருக்கும், அதுவும் பழைய நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும். இந்த விதியை இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் மெயிலில் உறுதி செய்து வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் தகராறு வந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. மார்ச் 30 அன்று சேர்ந்தவரின் செலவு, முதலில் அனுமதித்த தொகையைத் தாண்டுகிறது. ஏப்ரல் 2 அன்று மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கூடுதல் தொகைக்கு அனுமதி கேட்க வேண்டும். மகன் போனில் வந்திருக்கும் புதிய இ-கார்டைக் காட்டுகிறார். டெஸ்க்கில் இருப்பவர் அதை வைத்துப் புதிய டிபிஏ-வுக்கு அனுப்புகிறார். "அட்மிஷன் எங்கள் பாலிசிக்கு முன்பு" என்று நிராகரிப்பு வருகிறது. டிஸ்சார்ஜ் அன்று பணம் கட்டச் சொல்கிறார்கள். அறிவிப்பில் இதற்கு ஒரு வரி போதும்: மார்ச் 31-க்குள் சேர்ந்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும் வரை பழைய கார்டை மட்டுமே காட்டவும்.

ஏப்ரல் 2 அன்று வேறு மருத்துவமனைக்கு மாற்றினால்? அது புதிய அட்மிஷன். பெரும்பாலும் புதிய பாலிசியின் கீழ் வரும், ஆனால் கேள்வி எழும். மாற்றுவதற்கு முன் எச்.ஆருக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏன் மாற்றினார்கள் என்பது எழுதியிருக்க வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைகள்

டயாலிசிஸும் கீமோவும் பெரும்பாலும் டே-கேர் முறையில் நடப்பவை. ஒவ்வொரு முறையும் தனி அட்மிஷன், தனி கிளெய்ம். அப்படியென்றால் மார்ச் 30 டயாலிசிஸ் பழைய நிறுவனத்துக்கு, ஏப்ரல் 1 டயாலிசிஸ் புதியதற்கு. மருத்துவமனை பழைய டிபிஏ-விடம் வாங்கி வைத்திருக்கும் அனுமதி மார்ச் 31-உடன் செத்துவிடும். புதிய அனுமதிக்கு டாக்டரின் சிகிச்சைத் திட்டம், கடைசி ரத்தப் பரிசோதனைகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், கீமோ என்றால் பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். இவற்றை மார்ச் 25-க்குள் வாங்கி, "முதல் நாள் கேஸ்கள்" என்று புதிய டிபிஏ-வின் ரிலேஷன்ஷிப் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். உறுப்பினர் எண் உருவாகியிருந்தால்தான் அவரால் எதையும் செய்ய முடியும். அதனால் இந்தக் குடும்பங்களின் பெயரை மட்டும் முதலில் ஏற்றச் சொல்லி வற்புறுத்துங்கள்.

அதே நேரத்தில் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். அந்த மருத்துவமனை புதிய நெட்வொர்க்கில் இருக்கிறதா? இல்லையென்றால் பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். வாரம் மூன்று டயாலிசிஸுக்கு அப்படிக் கைப்பணம் போட எல்லாராலும் முடியாது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விலக்கி வைத்த மருத்துவமனைகளின் பட்டியலும் தனியாக உண்டு. அதில் இருந்தால், அவசர சிகிச்சை தவிர திரும்பப் பெறுவதற்குக்கூட வழியில்லை. "நெட்வொர்க்கில் இத்தனை ஆயிரம் மருத்துவமனைகள்" என்ற புரோக்கரின் ஸ்லைடு எதற்கும் உதவாது. உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தாறு மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாத்திரை வடிவக் கீமோ, இம்யூனோதெரபி போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் சொல்வது எளிது. அம்மாவுக்கு ஏப்ரல் 3 அன்று மூட்டு மாற்று சிகிச்சை, பழைய டிபிஏ-விடம் முன் அனுமதி வாங்கியாயிற்று. அந்த அனுமதி இனி செல்லாது. அட்மிஷன் தேதி ஏப்ரல் 3, எனவே மருத்துவமனை புதிய டிபிஏ-வுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் 1 காலையிலேயே டெஸ்க்கில் போய்ச் சொல்லிவிட்டால் நேரம் இருக்கும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2024 மே மாத சுற்றறிக்கையில் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. ஆவணம் குறைந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நாள் அதில்தான் போகும்.

பிரசவம் கொஞ்சம் நுணுக்கமானது. ஏப்ரல் 5 தேதி குறித்த ஓர் ஊழியரின் மனைவி வலி வந்து மார்ச் 31 இரவு பத்து மணிக்குச் சேருகிறார். குழந்தை ஏப்ரல் 1 விடிகாலை பிறக்கிறது. தாயின் பிரசவச் செலவு பழைய பாலிசியில், அதன் பிரசவ உச்சவரம்புக்குள் வரும். குழந்தைக்கோ பழைய பாலிசியில் இடமே இல்லை, அது பிறந்தபோது அந்த பாலிசி முடிந்துவிட்டது. இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் செலவு லட்சக்கணக்கில் போகலாம். குழந்தையைப் பிறந்த தேதி முதலே புதிய பாலிசியில் சேர்க்கும்படி அன்றே மெயில் போட வேண்டும். இது ஏற்கப்படும் என்று புதிய நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை பிரசவ தேதி உள்ள குடும்பங்களுடன் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். இதை மெயிலில் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம்.

குடும்பத்தாருக்கு என்ன மாறும்

யார் குடும்பம் என்ற வரையறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெற்றோரா மாமனார் மாமியாரா, ஒரு ஜோடி மட்டுமா, இங்கே அப்பாவையும் அங்கே மாமியாரையும் கலந்து சேர்க்கலாமா, பெற்றோருக்கு வயது வரம்பு உண்டா, பிள்ளைகளுக்கு எத்தனை வயது வரை. பழைய பாலிசியில் 25 வயது வரை இருந்த மகன் புதியதில் 21-உடன் வெளியேறினால், அதை ஊழியர் மருத்துவமனையில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. இப்படி யாராவது வெளியேறும் குடும்பத்தின் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போக வேண்டும். பொது மெயிலில் ஒரு வரியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அறை வாடகை வரம்பை நான் எப்போதும் கணக்குப் போட்டுத்தான் காட்டுவேன். பழைய பாலிசியில் நாளுக்கு 7,500 ரூபாய். புதியதில் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். அம்மா வழக்கம்போல் 7,500 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார். அறை வாடகை 30,000, கிடைப்பது 20,000. இத்தோடு முடியாது. சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் ஆகியவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை மொத்தம் 1,20,000 என்றால் கிடைப்பது 80,000. ஆக கையிலிருந்து 50,000 ரூபாய். மருந்து, உள்ளே பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றில் பொதுவாக இந்த வெட்டு விழாது. அறை வாடகையில் நாளுக்குக் கூடுதலாகும் 2,500 மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்து அறை எடுப்பவர்கள்தான் அதிகம். பெற்றோரின் கிளெய்மில் ஊழியர் தன் பங்காகக் கட்டும் கோ-பே 10 சதவீதத்திலிருந்து 20 ஆகியிருந்தால் அதையும் இதே போல் ஒரு பில்லை வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம் பெயர். தமிழ்நாட்டில் இது தனிப் பிரச்சினை. ஹெச்.ஆர். பதிவேட்டில் "எஸ். முருகன்", ஆதாரில் "முருகன் செல்வராஜ்". அம்மாவின் பெயர் ஒரு கார்டில் "லட்சுமி", இன்னொன்றில் "மகாலட்சுமி". பழைய டிபிஏ பல வருடப் பழக்கத்தில் விட்டிருப்பார்கள். புதிய இடத்தில் இன்சூரன்ஸ் டெஸ்க் கார்டையும் ஆதாரையும் ஒப்பிட்டு நிறுத்திவிடும். பழைய பட்டியலை அப்படியே புதிய நிறுவனத்துக்கு அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் குடும்ப விவரத்தை அனுப்பி, "ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா" என்று கேளுங்கள். பதில் வராதவர்களுக்கு போன் செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகும், அதற்கான பலனும் உண்டு.

அறிவிப்பு எப்படி இருக்கும்

நம் உதாரணக் கம்பெனிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 1 முதல் நம் குரூப் மெடிக்கல் பாலிசி புதிய நிறுவனத்துக்கு மாறுகிறது. இஎஸ்ஐ-யில் உள்ளவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

மார்ச் 31 நள்ளிரவுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தால் பழைய கார்டு. டிஸ்சார்ஜ் ஏப்ரலில் ஆனாலும் அதே கார்டுதான். ஏப்ரல் 1 முதல் சேர்ந்தால் புதிய கார்டு. டயாலிசிஸ், கீமோ போன்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் சேரும் தேதியைப் பார்க்கவும்.

மாறாதவை: காப்பீட்டுத் தொகை 5 லட்சம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர். பிரசவத்துக்குக் காத்திருப்பு இல்லை.

குறைபவை: அறை வாடகை வரம்பு நாளுக்கு 7,500 ரூபாயிலிருந்து 5,000 ஆகிறது. பெற்றோருக்கான கிளெய்மில் 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், இதுவரை 10. பில் கணக்கு உதாரணம் இணைப்பில் உள்ளது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், மே மாதத்துக்குள் பிரசவம் இருந்தால், மார்ச் 15-க்குள் கீழே உள்ள எண்ணில் சொல்லவும். அந்தத் தகவல் உங்கள் மேனேஜருக்குப் போகாது. இணைத்துள்ள குடும்ப விவரத்தை ஆதாருடன் ஒப்பிட்டு மார்ச் 20-க்குள் பதில் அனுப்பவும்."

குறைபவற்றை மறைக்காமல் ஏன் மாற்றினோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். பிரீமியம் ஏறியது காரணம் என்றால் அதையே சொல்லுங்கள். "மேம்பட்ட சேவைக்காக" என்று எழுதிவிட்டு அறை வாடகையைக் குறைத்தால், அடுத்த அறிவிப்பை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஏப்ரல் 1-க்குப் பிறகு

இ-கார்டு அன்று காலைக்குள் வராமல் போகலாம். பாலிசி எண், டிபிஏ ஹெல்ப்லைன், எச்.ஆர். அவசர எண் மூன்றும் ஒரே படமாக எல்லார் போனிலும் இருக்கட்டும். உறுப்பினர் எண் தெரியாவிட்டாலும் ஊழியர் எண்ணையும் பாலிசி எண்ணையும் வைத்து டிபிஏ தேடிக் கண்டுபிடிக்க முடியும், பட்டியல் ஏற்றப்பட்டிருந்தால்.

புதிதாகத் திருமணம் ஆனவரின் துணைவரையும் பிறந்த குழந்தையையும் சேர்க்க வழக்கமாக 30 நாள்தான் அவகாசம். நாம் மெயில் அனுப்பிவிட்டோம் என்பதோடு இது முடிவதில்லை. நிறுவனத்திடம் கம்பெனி முன்பணமாக வைத்திருக்கும் சிடி பேலன்ஸில் போதிய தொகை இருந்தால்தான் சேர்க்கை அமலுக்கு வரும். புதிய நிறுவனத்தில் இந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் மாதமே கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள், சேர்க்கையை உறுதி செய்யும் என்டார்ஸ்மென்ட் கையில் வந்ததா என்று மாதந்தோறும் பாருங்கள்.

பழைய நிறுவனத்துடனான வேலை ஜூன் வரையாவது நீளும். மார்ச் கடைசியில் சேர்ந்தவரின் 60 நாள் மருந்து பில்கள் அப்போதுதான் முடிந்திருக்கும், அதற்குப் பிறகும் சமர்ப்பிக்கச் சில நாள் அவகாசம் உண்டு. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் பழைய டிபிஏ-வின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வேறு கணக்குக்குப் போய்விடுவார், கேள்விகளுக்குப் பதில் போகாமல் கிளெய்ம்கள் மூடப்படும். மார்ச்சிலேயே, முடிவுக்குப் பிறகு யாரைக் கேட்பது என்று பெயரும் மெயிலும் வாங்கி, நிலுவைப் பட்டியலை வாரம் ஒருமுறை அவருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். நிராகரிக்கப்பட்ட கிளெய்ம் இருந்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி ஊழியரிடம் கொடுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். குரூப் பாலிசியில் உள்ளவர்களுக்கும் அந்த வழி உண்டு.